காலி செய்யும் நாளில் படிக்கப்படும் பத்திரம்

தாலுகா ஆபீஸுக்கு எதிரே இருந்த டைப்பிங் சென்டரில் எங்கள் வாடகைப் பத்திரம் பத்து நிமிடத்தில் தயாராகிவிட்டது. "பேரு, அப்பா பேரு, அட்ரஸ், வாடகை, அட்வான்ஸ் மட்டும் சொல்லுங்க சார். மத்ததெல்லாம் சிஸ்டத்துலயே இருக்கு" என்றார் அங்கிருந்த பெண். சொன்னோம். பிரிண்டர் மூன்று தாளைத் துப்பியது. வீட்டுக்காரர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் கையெழுத்துப் போட்டோம். சாட்சிக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர். அந்தத் தாளை ஒரு பைலில் செருகி பீரோவுக்குள் வைத்தவன், இரண்டு வருடம் கழித்து வீட்டைக் காலி செய்த பிறகுதான் வெளியே எடுத்தேன். வரிவரியாகப் படித்தபோது ஒன்பதாவது ஷரத்து, 'மேற்படி கடையை' நான் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றது. எங்களுக்கு முன்னால் யாரோ கடை எடுத்தவருக்கு அடித்த பத்திரம் அது. பெயரை மாற்றியவர்கள் கடையை மாற்ற மறந்துவிட்டார்கள்.

அப்படி உட்கார்ந்து படிக்க வைத்தது ஒரு துண்டுச் சீட்டு. சென்னைப் புறநகரில் ஒரு தனி வீட்டின் முதல் மாடி. மாத வாடகை 14,000 ரூபாய், அட்வான்ஸ் 70,000. சாவியைக் கொடுத்த அன்று வீட்டுக்காரர் கையில் கொடுத்த சீட்டில் நான்கு வரிகள் இருந்தன. பெயிண்டிங் 14,000. பாத்ரூம் ரிப்பேர் 4,600. கரண்ட் பாக்கி 3,150. நோட்டீஸ் குறைவு 7,000. மொத்தம் 28,750 போக மீதி 41,250 ரூபாய். "அடுத்த குடித்தனம் அட்வான்ஸ் கொடுத்ததும் உங்களுக்குத் தந்துடறேன்" என்றார். கெட்ட மனிதர் இல்லை. இரண்டு வருடமும் வாடகையை ஒரு ரூபாய் ஏற்றாதவர். ஆடியில் கூழ் ஊற்றினால் முதல் சொம்பு எங்களுக்குத்தான் வரும். ஆனாலும் அந்தச் சீட்டைப் பார்த்தபோது எனக்குக் காது சூடானது.

கோபம் தணிந்த பிறகு யோசித்தால், அந்த நான்கு வரியில் எது நியாயம், எது அநியாயம் என்று சொல்ல எங்கள் பத்திரத்தில் எதுவுமே இல்லை. அட்வான்ஸைப் பற்றி அதில் இருந்தது ஒரே வாக்கியம்: வீட்டைக் காலி செய்யும்போது பாக்கி ஏதும் இருந்தால் கழித்துக்கொண்டு வட்டியில்லாமல் திருப்பித் தரப்படும். எது பாக்கி, யார் கணக்கிடுவது, எத்தனை நாளில் தருவது என்று ஒரு சொல் கிடையாது. ஆகவே வாடகை ஒப்பந்தத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை அந்தச் சீட்டை வைத்தே சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது. நான் சொல்வது தமிழ்நாட்டு நடைமுறை. வேறு மாநிலத்தில் சட்டம் வேறு. உங்கள் வீட்டுச் சண்டைக்கு உங்கள் பத்திரத்தைப் படித்த வக்கீல்தான் பதில் சொல்ல முடியும்.

முதல் வரி, பெயிண்டிங். காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயிண்டிங்குக்குப் பிடித்துக்கொள்வது நம் ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது. பலர் அதைச் சட்டம் என்றே நினைக்கிறார்கள். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவருடைய உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு 2017-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பழைய 1960-ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில் அது 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் கடைசியில் இரண்டாம் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. எந்த ரிப்பேர் யாருடையது என்று பிரித்துக் காட்டுகிற பட்டியல். சுவருக்கு வெள்ளையடிப்பதும், கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் அதில் உரிமையாளர் பக்கம் இருக்கின்றன. சட்டப் புத்தகத்தில் நான் பார்த்தவற்றிலேயே சாதாரண மனிதனுக்கு மிகவும் பயன்படுகிற ஒரு பக்கம் அதுதான்.

இங்கே இன்னொரு விஷயமும் உண்டு. ஒரு வீட்டில் இரண்டு வருடம் மனிதர்கள் வாழ்ந்தால் சுவர் மங்கத்தான் செய்யும். சோபா உரசிய இடத்தில் கறை படியும். காலண்டர் மாட்டிய ஆணியின் ஓட்டை இருக்கும். வெயில் விழும் பக்கம் நிறம் வெளுக்கும். இது இயல்பான தேய்மானம். 1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டமே, வாடகைக்கு இருப்பவர் எடுத்தபோது இருந்த நிலையில் வீட்டைத் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லும் இடத்தில் நியாயமான தேய்மானத்தை விலக்கி வைத்திருக்கிறது. ஏ.சி. பைப்புக்காகச் சுவரைக் குடைந்துவிட்டு அப்படியே விட்டுப்போவதும், டைல்ஸை உடைப்பதும் தேய்மானத்தில் வராது, அது சேதம். தேய்மானம் எது, சேதம் எது என்பதைக் காலி செய்யும் நாளில் பேசத் தொடங்கினால் இரண்டு பக்கமும் குரல் உயரும்.

எழுதும்போது இப்படி எழுதலாம்: வீடு இன்ன மாதம் புதிதாகப் பெயிண்ட் அடித்துக் கொடுக்கப்பட்டது, சாதாரண புழக்கத்தால் சுவர் மங்குவதற்குப் பணம் பிடிக்கப்படாது, சேதம் இருந்தால் அதைச் சரிசெய்த பில்லைக் காட்டி அந்தத் தொகை மட்டும் கழிக்கப்படும். உரிமையாளர் பெயிண்டிங்குக்கு ஒரு தொகை பிடிக்கத்தான் போகிறார் என்றால் அது எவ்வளவு என்று முதல் நாளே எண்ணாலும் எழுத்தாலும் போட்டுவிடட்டும். பிடிக்கிறதோ இல்லையோ, தெரிந்தே கையெழுத்துப் போடுவோம். 'ஒரு மாத வாடகை' என்று மட்டும் போட்டால் எந்த வருடத்து வாடகை என்ற கேள்வி மிஞ்சும். நாலு வருடம் இருந்தவர் கடைசி வருடத்து ஏறிய வாடகையைத் தர வேண்டிவரும்.

இரண்டாவது வரி, பாத்ரூம் ரிப்பேர் 4,600. விசாரித்தால் அதில் இரண்டு வேலை இருந்தது. கீசர் காயில் மாற்றியது 1,800. சுவருக்குள் போகும் பைப் கசிந்து, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் இறங்கியதால் உடைத்து மாற்றியது 2,800. இரண்டாம் அட்டவணையைத் திறந்து பார்த்தேன். கீசர் ரிப்பேர் வாடகைதாரர் பக்கம். குழாய், குழாயின் வாஷர், வாஷ்பேசின், சுவிட்ச், சாக்கெட், கதவுப் பூட்டு, கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை எல்லாமே அந்தப் பக்கம்தான். பைப் மாற்றுவதும், வீட்டு வயரிங்கும், கட்டடத்தின் பெரிய பழுதும் உரிமையாளர் பக்கம், அந்தப் பழுது நம்மால் வராத வரைக்கும். ஆக 1,800 என்னுடையது, 2,800 அவருடையது. கீசர் ரிப்பேர் நம் தலையில் விழும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அவருக்குப் பைப் தன் தலையில் என்று தெரியாது.

ஒப்பந்தத்தில் இந்த அட்டவணையை அப்படியே சேர்த்துவிடலாம், அல்லது இருவரும் பேசி மாற்றி எழுதிக்கொள்ளலாம். எழுதாமல் விட்டதைவிட எது எழுதினாலும் மேல். அதில் இரண்டு விஷயத்தை மறக்க வேண்டாம். ஒன்று, உரிமையாளர் செய்ய வேண்டிய வேலையை அவர் இழுத்தடித்தால் என்ன செய்வது? எத்தனை நாள் பொறுப்பது, பிறகு நாமே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாமா, எவ்வளவு வரை? மற்றது, செப்டிக் டேங்க். மூன்று குடித்தனம் இருக்கும் வீட்டில் அது எப்போது நிரம்பும் என்று யாருக்கும் தெரியாது. நிரம்பும் நாளில் லாரிக்கு யார் பணம் கொடுப்பது என்பதில் வரும் சண்டைக்கு ஈடு இணை கிடையாது.

மூன்றாவது வரியான கரண்ட் பாக்கியில்தான் நான் முழுசாகத் தோற்றேன். எங்கள் மாடிக்குத் தனி மின் இணைப்பு இல்லை. மூன்று வீட்டுக்கும் சேர்த்து ஒரே இணைப்பு, வீட்டுக்கு ஒரு சப்-மீட்டர். யூனிட்டுக்கு 9 ரூபாய் என்று வாயால் பேசியது. கடைசியாக 350 யூனிட் ஓடியிருக்கிறது என்றார். 350-ஐ 9-ஆல் பெருக்கினால் 3,150. கணக்கு சரிதான். ஆனால் 350 எங்கிருந்து வந்தது? முந்தைய ரீடிங் என்ன என்று அவர் நோட்டில் ஓர் எண் இருந்தது. எங்களிடம் எதுவும் இல்லை. அவர் பொய் சொல்லியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் சொல்லியிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

ஒரே இணைப்பில் பல குடித்தனம் இருந்தால் செலவு ஏன் கூடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கப்படுகிறது. ஒவ்வோர் இணைப்புக்கும் முதலில் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம். அதற்கு மேல் பயன்படுத்தப் பயன்படுத்த யூனிட் விலை படிப்படியாக ஏறும். மூன்று வீட்டின் யூனிட்டும் ஒரே மீட்டரில் சேர்ந்தால் இலவசம் ஒருமுறைதான் கிடைக்கும், மொத்தமும் விலை கூடிய படிக்குப் போய்விடும். அதனால்தான் சப்-மீட்டர் வைத்த வீட்டுக்காரர் கேட்கும் யூனிட் விலை, தனி இணைப்பு இருக்கும் நண்பர் கட்டும் விலையைவிட எப்போதும் அதிகமாகத் தெரிகிறது. அதில் எவ்வளவு உண்மையான செலவு, எவ்வளவு லாபம் என்பது இ.பி. பில்லைப் பார்த்தால்தான் தெரியும்.

ஆகவே தனி இணைப்பு உள்ள வீடானால் அந்த இணைப்பு எண்ணைப் பத்திரத்தில் போடுங்கள். சப்-மீட்டரானால் யூனிட் விலை என்ன, அது எப்போது மாறும், இ.பி. பில்லைக் காட்டுவாரா என்று எழுதுங்கள். மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குக்கும் ஆகும் மின்சாரத்தை வீட்டுக்கு ஒரு பங்காகப் பிரிப்பதா, தலைக்கணக்கிலா என்பதும் அங்கேயே வரட்டும். இரண்டே பேர் இருக்கும் வீடும் ஆறு பேர் இருக்கும் வீடும் ஒரே பங்கு கொடுத்தால் ஏப்ரல் மாதத்தில் முணுமுணுப்பு கேட்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், குடிபோகும் அன்று மீட்டரில் இருந்த எண். அதை எழுதிவைக்க ஒரு நிமிடம் போதும். எனக்கு இருந்திருந்தால் மூன்றாவது வரியை நான் சந்தேகப்பட்டே இருக்க மாட்டேன்.

இந்த இடத்தில்தான் பத்திரத்தோடு சேர்க்கும் இணைப்புத் தாள் ஒன்று தேவைப்படுகிறது. பெரிய விஷயமில்லை. எத்தனை ஃபேன், எத்தனை லைட், கீசர் எந்த நிலையில், எந்தக் குழாய் சொட்டுகிறது, எந்த ஜன்னல் கண்ணாடி விரிந்திருக்கிறது, எத்தனை சாவி, மீட்டர் ரீடிங் என்ன. இதை இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றி வந்து எழுதி, அடியில் தேதி போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். கூடவே செல்போனில் ஒவ்வோர் அறையையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பிவிட வேண்டும். நம் போனில் மட்டும் இருக்கும் படத்தைவிட, அன்றைய தேதியோடு அவர் போனுக்கும் போய்விட்ட படத்துக்கு மதிப்பு கூடுதல்.

நான்காவது வரியில் வீட்டுக்காரர் பக்கம்தான் நியாயம் இருந்தது. பத்திரத்தில் ஒரு மாத முன்னறிவிப்பு என்று இருந்தது. நான் 15-ஆம் தேதி போனில் சொன்னேன். மாதக் கடைசியில் காலி செய்தேன். பதினைந்து நாள் குறைவு, பாதி மாத வாடகை 7,000. என் வாதம், அதற்கு முந்தைய மாதமே படிக்கட்டில் பார்த்தபோது "வேற வீடு பாத்துட்டிருக்கோம்ணே" என்று சொன்னேன் என்பது. அவருக்கு அது நினைவில்லை. படிக்கட்டுப் பேச்சுக்கு யார் சாட்சி?

முன்னறிவிப்பு ஷரத்தில் எத்தனை நாள் என்பதோடு எப்படிச் சொல்ல வேண்டும் என்பதும் இருக்க வேண்டும்: எழுத்தில், இன்ன போன் எண்ணுக்கு வாட்ஸ்அப் செய்தி அனுப்பினாலும் செல்லும் என்று. மாதத்தின் எந்த நாளில் சொன்னாலும் அன்றிலிருந்து முப்பது நாளா, அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து ஒரு மாதமா என்பதும் தெளிவாக இருக்கட்டும். பத்திரமே இல்லாமலோ அதில் எதுவும் சொல்லாமலோ மாத வாடகையில் இருந்தால், சொத்து மாற்றுச் சட்டம் இரு பக்கத்துக்கும் பதினைந்து நாள் முன்னறிவிப்பு என்று வைத்திருக்கிறது. எழுதிக்கொண்டால் நாம் எழுதியது பொருந்தும். சில அடுக்குமாடிகளில் லாக்-இன் என்று ஒரு ஷரத்து போடுகிறார்கள். ஆறு மாதமோ பதினொரு மாதமோ முடியும் முன் வெளியேறினால் மிச்ச மாதத்து வாடகையைக் கேட்பார்கள். அது உரிமையாளரையும் கட்டுமா, நம்மை மட்டுமா என்று படித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் நம்மை மட்டும்தான்.

சீட்டில் எழுதாமல் வாயால் சொன்ன ஐந்தாவது வரி ஒன்று இருந்தது: அடுத்த குடித்தனம் வந்ததும் தருகிறேன். என்னைக் கேட்டால் முழு ஒப்பந்தத்திலும் மிக முக்கியமான வாக்கியம் இருக்க வேண்டிய இடம் இதுதான். அட்வான்ஸ் என்பது நம் பணம். அவரிடம் பத்திரமாக இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் பல வீட்டுக்காரர்கள் அதை வாங்கிய மாதமே செலவழித்திருப்பார்கள், முந்தைய குடித்தனத்துக்குத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். ஒரு குடித்தனத்தின் பணத்தில் இன்னொரு குடித்தனம் வெளியேறும் சுழற்சி அது. 2017-ஆம் வருடச் சட்டம், கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொண்டு, காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்கிறது. வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்றும் சொல்கிறது. அந்தக் கணக்கில் எங்கள் 14,000 ரூபாய் வாடகைக்கு 42,000 வரும். நாங்கள் 70,000-க்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தோம். கூடுதலாகக் கொடுத்த அந்த 28,000, சீட்டில் கழித்த 28,750-க்கு ஏறக்குறைய சமம் என்பதைப் பிறகு ஒருநாள் பஸ்ஸில் போகும்போது கவனித்தேன்.

எழுத வேண்டியது எளிது. சாவியை ஒப்படைக்கும் அன்று இருவரும் இணைப்புத் தாளை வைத்து வீட்டைப் பார்ப்பது. கழிக்க வேண்டியதைப் பில்லோடு எழுதுவது. மீதியை அன்றே, அல்லது இன்ன தேதிக்குள் வங்கி வழியாகத் தருவது. புதுக் குடித்தனம் வருவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. கூடவே, அட்வான்ஸ் எந்தத் தேதியில், எந்த வழியாக, யார் கணக்குக்குப் போனது என்பதும் பத்திரத்தில் வர வேண்டும். சில வீட்டுக்காரர்கள் கையில் 70,000 வாங்கிக்கொண்டு, "பத்திரத்துல மூணு மாசம்னே போட்டுக்கலாம்பா" என்பார்கள். அப்படிப் போட்டால் மீதிப் பணத்துக்கு அவர் நாக்குதான் ரசீது.

வாடகைத் தொகையிலும் இதே விளையாட்டு உண்டு. ஆபீஸில் வீட்டு வாடகைப்படிக்கு வரிவிலக்கு கேட்பவர், வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் உரிமையாளரின் பான் எண்ணைக் கொடுக்க வேண்டும். எங்கள் வாடகையே வருடத்துக்கு 1,68,000. பான் என்றதும் சில வீட்டுக்காரர்களின் முகம் மாறும். கையெழுத்துக்குப் பிறகு கேட்டால் கிடைக்காது. பேசும்போதே கேட்டுப் பத்திரத்தில் சேர்த்துவிட வேண்டும். வாடகை உயர்வுக்கும் அதேதான். 'வருடத்துக்கு 5 சதவீதம்' என்று எழுதினால் 14,000 அடுத்த வருடம் 14,700, அதற்கடுத்த வருடம் 15,435. 'புதுப்பிக்கும்போது பேசி முடிவு செய்யப்படும்' என்று எழுதினால் அது எத்தனை ஆயிரமும் ஆகலாம். 2017 சட்டமும் வாடகை உயர்வை ஒப்பந்தத்தில் எழுதியபடி என்றே விட்டிருக்கிறது.

அந்த டைப்பிங் சென்டர் பத்திரத்தில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. அது பதினொரு மாதத்துக்குப் போட்ட பத்திரம். நாங்கள் இருந்தது இருபத்து நான்கு மாதம். கடைசி பதின்மூன்று மாதம் எங்களுக்குள் உயிரோடு ஒரு பத்திரமே இல்லை. வாடகை கொடுத்தோம், வாங்கினார், அவ்வளவுதான். நம் ஊரில் ஏன் எல்லாரும் பதினொரு மாதம் என்கிறார்கள்? 1908-ஆம் வருடத்துப் பதிவுச் சட்டப்படி ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். முத்திரைக் கட்டணமும் பதிவுக் கட்டணமும் அலைச்சலும் வேண்டாம் என்று ஒரு மாதம் குறைத்து எழுதும் வழக்கம் வந்தது. ஆனால் 2017 சட்டம் வந்த பிறகு பதினொரு மாதம் முழுத் தப்பிப்பு ஆகாது. எந்த வாடகையும் எழுத்தில் இருக்க வேண்டும், அந்த ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஓர் அதிகாரியை இந்த வேலைக்கு வைத்திருக்கிறார்கள். tenancy.tn.gov.in என்ற தளத்தில் விண்ணப்பிக்கலாம். பதிவானதும் ஓர் எண் கொடுப்பார்கள். உரிமையாளரும் செய்யலாம், வாடகைதாரரும் செய்யலாம். இது சார்பதிவாளர் ஆபீஸ் பதிவு அல்ல, இரண்டும் வேறு. தகராறு என்று வாடகை அதிகாரியிடம் போனால் முதலில் கேட்கப்படுவது அந்த எண்தான். எங்களிடம் அது இல்லை என்பதால்தான் நான் அந்தப் பக்கம் போகவே யோசிக்கவில்லை.

கையெழுத்துப் போடுபவர் உண்மையில் வீட்டின் சொந்தக்காரரா என்று பார்க்க வேண்டும். சொத்து வரி ரசீதிலோ இ.பி. கார்டிலோ இருக்கும் பெயரும் பத்திரத்தில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கிறதா? அப்பா பெயரில் வீடு, மகன் கையெழுத்து, மருமகள் கணக்கில் அட்வான்ஸ் என்றால் நாளை யாரிடம் போய்க் கேட்பது? வெளிநாட்டில் இருப்பவருக்காக இன்னொருவர் கையெழுத்துப் போட்டால் பவர் பத்திரத்தின் நகல் வேண்டும். பல லட்சம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் இருக்கிற ஏற்பாட்டை நம் பேச்சில் லீஸ் என்கிறோம்; அதற்கு நான் இங்கே சொன்ன எதுவும் போதாது. வீட்டின் மேல் வங்கிக் கடன் இருக்கிறதா என்று வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் அதில் இறங்குவது பெரிய சூதாட்டம்.

மற்றதெல்லாம் பெரும்பாலும் பழகும் முறை சம்பந்தப்பட்டவை. மொட்டை மாடியில் துணி காயப்போடலாமா, வண்டி எங்கே நிற்கும், ஊரிலிருந்து மாமியார் வந்து மூன்று மாதம் தங்கினால் ஆட்சேபம் உண்டா, நாய் வளர்க்கலாமா. இவற்றை எழுத வெட்கப்படுகிறோம், பிறகு இவற்றுக்காகவே முகம் திருப்பிக்கொள்கிறோம். வீட்டைப் பார்க்க வருவதானால் உரிமையாளர் 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது; இரண்டாவது சாவியைத் திருப்பிக்கொண்டு வந்து நிற்பதற்கு அதில் இடமில்லை. எவ்வளவு மனக்கசப்பு வந்தாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது என்பதும் சட்டத்தில் இருக்கிறது. நம் பக்கத்திலும் ஒன்று: இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்தால், வீட்டைத் திரும்பக் கேட்பதற்கு அது ஒரு காரணமாகும்.

எங்கள் கதை எப்படி முடிந்தது என்றால், இரண்டாம் அட்டவணையை அச்செடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். காபி வந்தது. பைப் செலவு 2,800-ஐ அவர் உடனே ஒத்துக்கொண்டார். பெயிண்டிங்குக்கு அரைமணி நேரம் பேசிப் பாதியில் நின்றோம், 7,000 திரும்பியது. கீசரும் நோட்டீஸும் கரண்டும் என் கணக்கில். கடைசியில் கைக்கு வந்தது 51,050 ரூபாய். ஆனால் அதுவும் புதுக் குடித்தனம் வந்த பிறகுதான் வந்தது.

இப்போது இருக்கும் வீட்டுக்கு நானே ஒரு பத்திரத்தை எழுதி எடுத்துக்கொண்டு போனேன். வீட்டுக்கார அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். முதல் மூன்று பக்கத்துக்கும் ஒன்றும் சொல்லவில்லை. இணைப்புத் தாளுக்கு வந்ததும் நிறுத்தினார். "ஃபேன் நாலுன்னு போட்டிருக்கீங்களே தம்பி. பூஜை ரூம்ல சின்னதா ஒண்ணு இருக்கு பாருங்க" என்றார். எழுந்து போய்ப் பார்த்தேன், இருந்தது. நாலை அடித்து ஐந்து என்று எழுதினேன். அவர் பேனாவை வாங்கி அதன் பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "மூணாவது ஃபேன் கொஞ்சம் சத்தம் போடும், அதையும் எழுதிக்கோங்க" என்றார்.